எக்செல் சான்றிதழுக்கு இலவசப் படிப்பு: சேருவதற்கு முன் எங்கே பணம் கேட்பார்கள் என்று பாருங்கள்

கடலூரிலோ புதுச்சேரியிலோ வேலை பார்த்துக்கொண்டே எக்செல் கற்று, கையில் ஒரு சான்றிதழும் வாங்கிவிட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் உங்களிடம் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கும் அவ்வளவுதான் கிடைத்தது. அந்த நேரத்தை வாரக்கணக்கில் ஒரு தளத்துக்குக் கொடுத்து, எல்லா வினாக்களுக்கும் விடை எழுதி முடித்த பிறகு, சான்றிதழை இறக்கப் போனால் கார்டு எண்ணைக் கேட்டது. சட்டப்படி அதில் தவறு ஒன்றும் இல்லை. முகப்பில் பெரிய எழுத்தில் இருந்த ‘இலவசம்’ பாடத்துக்கு மட்டுமானது. நீங்களாவது அதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

1. சான்றிதழைக் கேட்பது யார்?

தளங்களை ஒப்பிடுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். விடை மாறினால் தேர்வும் மாறும்.

தமிழ்நாடு அரசில் தட்டச்சர் போன்ற பணிகளுக்காக என்றால், இந்தக் கட்டுரையில் வரும் எந்தத் தளமும் உங்களுக்கு உதவாது. அங்கே கேட்கப்படுவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தேர்வு நடத்தி வழங்கும் அலுவலகத் தானியங்கிச் சான்றிதழ். ‘சி.ஓ.ஏ.’ என்று தட்டச்சுப் பயிலகங்களில் கேட்டால் சொல்வார்கள். எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது. இது தெரியாமல் மாதக்கணக்கில் படித்தவர்கள் உண்டு.

தனியார் நிறுவனம் என்றால், மனிதவளப் பிரிவில் உள்ளவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: “படிப்பை முடித்த சான்றிதழ் போதுமா, கண்காணிப்புடன் தேர்வு எழுதி மதிப்பெண் வாங்கியது வேண்டுமா?” சிப்காட்டிலும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலும் உள்ள சிறு நிறுவனங்களில் முதல் வகையே போதும் என்பார்கள், பிறகு அவர்களே ஒரு கோப்பைத் திறந்து கொடுத்து வேலை வாங்கிப் பார்ப்பார்கள். இரண்டாவது வகை வேண்டும் என்றால் செலவு நிச்சயம் உண்டு. மாதக் கடைசியில் இருப்பதைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

2. ஒவ்வொரு தளத்திலும் பூட்டு எங்கே இருக்கிறது?

நான்கு இடங்களில் பூட்டு இருக்கலாம்: பாடம், மதிப்பெண் உள்ள பயிற்சிகள், சான்றிதழ், கால வரம்பு. சேரும் முன் நான்கையும் பாருங்கள். பாடத்தின் பக்கத்திலேயே அடியில், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்ற பகுதியில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். ஐந்து நிமிட வேலை.

மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில், எக்செலைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் கால்க் பாடங்கள் தமிழ்க் குரலில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். பாடத்துக்குப் பூட்டே இல்லை. கால வரம்பும் இல்லை. திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறுபாதியில் கால்க் என்று திறந்து வைத்துக்கொண்டு, அவர் செய்வதை உடனுக்குடன் நீங்களும் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் கேட்டால் பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. பூட்டு இருப்பது சான்றிதழில்: அதற்கான இணையத் தேர்வு பெரும்பாலும் பதிவு பெற்ற கல்லூரிகள், பயிற்சி மையங்கள் வழியாகவே நடக்கிறது. தெரிந்த கல்லூரி ஆசிரியர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கற்பதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஃபோசிஸ் ஸ்பிரிங்போர்டில் பாடமும், இறுதி மதிப்பீட்டில் தேறினால் முடிப்புச் சான்றிதழும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எக்செல் என்று தேடினால் பல பாடங்கள் வரும். எல்லாவற்றிலும் இறுதி மதிப்பீடு இருக்காது. அது இருக்கிறதா என்று உள்ளடக்கப் பட்டியலின் கடைசி வரியைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். பாடங்களின் தரம் ஒரே சீராக இல்லை. சிலவற்றில் பேசுபவர் மட்டும் செய்துகொண்டே போவார், நமக்குப் பயிற்சிக் கோப்பு கிடைக்காது.

கோர்செராவில் மக்குவாரி பல்கலைக்கழகம் நடத்தும் `Excel Skills for Business` என்ற நான்கு பகுதிப் படிப்பு இருக்கிறது. முதல் பகுதி `Essentials`. பயிற்சிக் கோப்புகளோடு, அலுவலக வேலையைப் போலவே அமைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவற்றுள் பாடம் இதுதான் நன்று. ஆனால் மதிப்பெண் உள்ள பயிற்சிகளும் சான்றிதழும் கட்டணப் பூட்டுக்குள் இருக்கின்றன. பணம் கட்டாமல் திறக்க நிதியுதவி விண்ணப்பம் என்ற ஒரு வழி உண்டு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

எடெக்ஸிலும் அலிசனிலும் படிப்பது இலவசம், சான்றிதழுக்குக் கட்டணம். எடெக்ஸில் இலவசப் பார்வைக்குக் கால வரம்பும் உண்டு. தீபாவளி நேரத்தில் இரண்டு வாரம் விட்டுவிட்டால் கதவு மூடிவிடலாம். மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கங்களில் எக்செல் பயிற்சி வீடியோக்கள் இலவசமாக இருக்கின்றன, சான்றிதழ் கிடையாது. அந்த நிறுவனத்தின் பெயரிலேயே வேண்டும் என்றால் தேர்வு மையத்தில் எழுதும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஸ்பெஷலிஸ்ட் தேர்வுதான். அது கட்டணத் தேர்வு.

மதிப்பெண்ணுடன் கூடிய சான்றிதழுக்கு நம் ஊரில் மதிப்புள்ள வழி, மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஐ.ஐ.டி.கள் வழங்கும் என்.பி.டி.இ.எல். படிப்புகள். பாடமும் வாராந்தரப் பயிற்சிகளும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மையத்துக்குச் சென்று தேர்வு எழுத வேண்டும்; கட்டணம் ஒரு படிப்புக்கு 1,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி. பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண்; பயிற்சியில் 10, தேர்வில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். ஆண்டுக்கு இரண்டு பருவங்கள், ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். எக்செல் போன்ற விரிதாளுக்கு மட்டுமான குறும்படிப்பு எல்லாப் பருவத்திலும் இருக்கும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். அந்தப் பருவத்தின் பட்டியலைத் திறந்து பார்த்து முடிவெடுங்கள். இன்னொன்று: படிப்பில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. இரண்டுக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் உங்கள் பயிற்சி மதிப்பெண் தேர்வோடு சேராது.

3. அலுவலகக் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது?

பாடத்தில் வரும் ஃபார்முலா உங்கள் அலுவலகத்தில் ஓடாமல் போகலாம். எக்செலில் File, பிறகு Account என்று போனால் பதிப்பு தெரியும். அதைவிட எளிய சோதனை, ஏதாவது ஒரு கட்டத்தில் `=XLOOKUP(` என்று அடித்துப் பார்ப்பது. கீழே குறிப்பு எதுவும் வராமல், முடித்தபின் `#NAME?` என்று வந்தால் உங்களுடையது பழைய பதிப்பு. அந்த ஃபார்முலா எக்செல் 2021, மைக்ரோசாஃப்ட் 365 ஆகியவற்றில் உண்டு. 2016, 2019 பதிப்புகளில் இல்லை. புதிய படிப்புகள் பலவும் அதைத்தான் முன்னே வைக்கின்றன. நம் ஊர்க் கணக்குப் பிரிவுகளில் இன்னும் பழைய பதிப்புகள் ஓடிக்கொண்டிருப்பதால், பாடத்திட்டத்தில் `VLOOKUP` இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

வீட்டில் எக்செல் இல்லையென்றால் வாங்க வேண்டாம். லிப்ரே ஆபீஸ் இலவசம். மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் பிரௌசரில் எக்செலும் இலவசம். கைப்பேசியில் வீடியோ பார்க்கலாம், பயிற்சி செய்ய முடியாது. கணினி ஒன்றுக்கு ஏற்பாடு செய்யாமல் கால வரம்புள்ள படிப்பில் சேராதீர்கள்.

வெளிநாட்டுப் படிப்புகளில் ஒரு கண்ணி, தேதி. பயிற்சிக் கோப்பில் 06/13/2025 என்று அமெரிக்க முறையில் இருக்கும். இந்திய அமைப்பில் உள்ள கணினி அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு கட்டத்தின் இடது ஓரத்தில் நிறுத்தும். 06/05/2025 என்பதையோ சத்தமில்லாமல் மே 6 ஆக மாற்றி வலது ஓரத்தில் வைத்துவிடும். ஒரே நெடுவரிசையில் பாதித் தேதிகள் இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் நின்றால் இதுதான் காரணம். ஃபார்முலா சரியாக இருந்தும் மதிப்பீட்டில் விடை தவறு என்று வரும். பலர் அங்கேயே படிப்பைக் கைவிடுகிறார்கள். கோப்பு சி.எஸ்.வி. வகையாக இருந்தால் லிப்ரே ஆபீஸ் கால்கில் திறங்கள். திறக்கும்போது வரும் பெட்டியில் அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Date (MDY) என்று சொன்னால் எல்லாத் தேதியும் நேராகிவிடும். பிறகு எக்செல் கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம்.

4. பெயரும் இனிஷியலும்

ஆவணம் என்று பெரிதாக எதுவும் கேட்க மாட்டார்கள்: ஒரு மின்னஞ்சல், கைப்பேசி எண், தேர்வு எழுதுவதானால் புகைப்படமும் அசல் அடையாள அட்டையும். சிக்கல் பெயரில்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தளமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி இரண்டையும் நிரப்பச் சொல்லும். ஒருவர் தந்தை பெயரை முழுதாக எழுதுவார், ஒருவர் இனிஷியலை எழுதுவார், இன்னொருவர் தம் பெயரையே இரண்டு முறை எழுதுவார். ஆதாரில் இனிஷியல் முன்னால், பள்ளிச் சான்றிதழில் பின்னால் என்றிருக்கும்போது, இணையச் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு வடிவம் முளைக்கும்.

எந்த ஆவணத்தோடு சேர்த்து இந்தச் சான்றிதழைக் கொடுக்கப் போகிறீர்களோ, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். முதல் கட்டத்தில் உங்கள் பெயர், கடைசிக் கட்டத்தில் இனிஷியல் மட்டும் என்பது பெரும்பாலும் ஒத்துவரும். கணக்கு தொடங்கும் அன்றே இதைச் செய்யுங்கள். கூகுள் கணக்கு வழியாக நுழைந்தால் அங்கே விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே வந்து உட்கார்ந்துவிடும். என்.பி.டி.இ.எல். தேர்வில் பதிவுப் படிவத்தில் எழுதிய பெயரே சான்றிதழில் அச்சாகும். மையத்தில் நுழைவுச்சீட்டையும் அடையாள அட்டையையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

5. கோர்செரா நிதியுதவி விண்ணப்பம்

கைப்பேசிச் செயலியில் தேடாதீர்கள். கணினியின் பிரௌசரில் பாடத்தின் பக்கத்தைத் திறந்தால், சேரும் பொத்தானுக்கு அருகே Financial aid available என்று சிறிய எழுத்தில் இருக்கும். நான்கு பகுதிப் படிப்பாக இருந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முழுப் படிப்பின் பக்கத்தில் நின்றுகொண்டு குழம்ப வேண்டாம், `Essentials` பக்கத்துக்குள் போங்கள்.

வருமானம் கேட்கும் இடத்தில் டாலர் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். டாலர் 85 முதல் 90 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 2,000 டாலர். அங்கே 180000 என்று அடித்தால் நீங்கள் பெரும் சம்பளக்காரர் ஆகிவிடுவீர்கள், உதவி கிடைக்காது.

காரணம் எழுதும் இடத்தில் வறுமையை விவரிக்க வேண்டியதில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள், அதில் விரிதாள் எங்கே வருகிறது, இந்தப் பாடத்தின் எந்தப் பகுதி அதற்கு உதவும், கட்டணம் உங்கள் மாதச் சம்பளத்தில் என்ன பங்கு என்று நேரான ஆங்கிலத்தில் எழுதினால் போதும். அடுத்தவர் எழுதியதை அப்படியே ஒட்டாதீர்கள்.

பதில் வர ஏறக்குறைய 15 நாட்கள் ஆகும். முழுக் கட்டணமும் தள்ளுபடியாகும் என்று உறுதி இல்லை. ஒரு பகுதி மட்டும் குறைத்து, மீதியைக் கட்டச் சொல்லலாம். காத்திருக்கும் நாட்களில் ஏழு நாள் இலவசச் சோதனை என்ற பொத்தான் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அதற்குக் கார்டு எண் கொடுத்தால், ஏழு நாள் முடிந்ததும் மாதக் கட்டணம் தானாகப் பிடிக்கப்படும். ரிசர்வ் வங்கி விதிப்படி பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கியிடமிருந்து குறுஞ்செய்தி வரும். அதைக் கவனித்து ரத்து செய்யலாம். நானாக இருந்தால் கார்டு எண்ணே கொடுக்க மாட்டேன்.

6. ஒருவர் எப்படிச் செய்தார்

புதுச்சேரி தொழிற்பேட்டை ஒன்றில் வருகைப் பதிவையும் கூடுதல் நேரக் கணக்கையும் பார்க்கும் தோழி ஒருவர், கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். மேற்பார்வையாளர் பதவிக்கு ஏதாவது ஓர் எக்செல் சான்றிதழ் கேட்டார்கள். முடிப்புச் சான்றிதழ் போதும் என்பதை முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டார்.

தமக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க, அலுவலகத் தாளிலேயே இரண்டு வேலைகளைச் செய்து பார்க்கச் சொன்னேன். முதலாவது, பேக்கிங் பிரிவில் ஜூன் மாதத்துக் கூடுதல் நேரத்தை மட்டும் கூட்டுவது. பி நெடுவரிசையில் பிரிவு, சி-யில் தேதி, டி-யில் மணி நேரம்:

```
=SUMIFS(D2:D500,B2:B500,"Packing",C2:C500,">="&DATE(2025,6,1),C2:C500,"<"&DATE(2025,7,1))
```

இரண்டாவது, பணியாளர் எண்ணைக் கொண்டு, பக்கத்துப் பட்டியலிலிருந்து மணி நேரக் கூலியை எடுப்பது:

```
=VLOOKUP(A2,$H$2:$J$60,3,FALSE)
```

இரண்டையும் தாமாகவே எழுத முடிந்தவருக்குத் தொடக்கநிலைப் படிப்பு வீண். நேராக இடைநிலைக்குப் போகலாம். பார்த்தால் புரிகிறது, எழுத வரவில்லை என்றால் தொடக்கநிலைதான் சரியான இடம். டாலர் குறி எதற்கு என்றே புரியவில்லை என்றால் முதலில் தமிழ்ப் பாடங்கள். தோழி மூன்றாவது நிலையில் இருந்தார்.

ஆகவே முதல் நாளே கோர்செரா நிதியுதவிக்கு விண்ணப்பித்துவிட்டு, பதில் வரும் வரை ஸ்போக்கன் டுடோரியலின் கால்க் பாடங்களைத் தமிழில் பார்த்தார். இரவுக்கு ஒன்று, அதைத் திரும்பச் செய்து பார்க்க அரை மணி. விண்ணப்பத்தின் காத்திருப்பு அடிப்படைப் பாடத்திலேயே கரைந்துவிட்டது. பாதி வழியிலேயே இன்ஃபோசிஸ் ஸ்பிரிங்போர்டில், இறுதி மதிப்பீடு உள்ள சிறிய எக்செல் பாடம் ஒன்றையும் எடுத்தார். நிதியுதவி கிடைக்காவிட்டாலும் கையில் ஒரு தாள் இருக்கட்டும் என்பது அவருடைய கணக்கு. எனக்கு அது தேவையில்லாத வேலையாகத் தோன்றியது. ஆனால் நிதியுதவி பகுதியளவே கிடைத்தபோது, மீதியைக் கட்டலாமா என்று அவசரமில்லாமல் யோசிக்க அந்தச் சான்றிதழ்தான் இடம் கொடுத்தது. அலுவலகத்தில் அதையே ஏற்றுக்கொண்டார்கள். `Essentials` பகுதியை அவர் பிறகு தமக்காகப் படித்தார்.

அலுவலகம் ஏற்ற அந்தச் சான்றிதழுக்குச் செலவு என்று பார்த்தால் இணைய இணைப்பு மட்டும்தான். மதிப்பெண்ணுள்ள சான்றிதழ் கேட்டிருந்தால் என்.பி.டி.இ.எல். வழியில் 1,000 ரூபாயும், தேர்வு மையம் இருக்கும் ஊருக்குப் போய்வரும் பஸ் கட்டணமும், ஒரு பருவம் முழுக்கக் காத்திருப்பும் ஆகியிருக்கும்.

7. சான்றிதழ் கைக்கு வந்தபின்

பி.டி.எஃப். கோப்பை இறக்கி, மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். தளத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். சரிபார்ப்பு இணைப்போ கியூ.ஆர். குறியோ இருந்தால், உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, வேறொருவர் கைப்பேசியில் அதைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் திறப்பது பார்ப்பவருக்கும் திறக்க வேண்டும். சில தளங்களில் உள்நுழைந்தால் மட்டுமே தெரியும்படி அமைப்பு இருக்கும், அதை மாற்றிக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தில் எழுதும்போது, படிப்பின் முழுப் பெயர், நடத்திய நிறுவனம், முடித்த மாதம், சரிபார்ப்பு இணைப்பு ஆகிய நான்கும் இருக்கட்டும். நடத்தியது யார், தளம் எது என்பதைக் கலக்க வேண்டாம். பயிற்சியில் நீங்களே செய்த கோப்பு ஒன்றையும், ஆட்களின் பெயரும் சம்பளமும் இல்லாமல் மாற்றி, பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் “கூட்டல் எப்படிப் போட்டீர்கள்?” என்று கேட்டால் திறந்து காட்டலாம்.

வாட்ஸ்அப்பில் ‘அரசு அங்கீகாரம் பெற்ற எக்செல் சான்றிதழ், இரண்டே நாளில், 499 ரூபாய்’ என்கிற மாதிரி வரும் செய்திகளுக்குப் பணம் அனுப்பாதீர்கள். தேர்வு எங்கே, நடத்துபவர் யார், சரிபார்ப்பு இணைப்பு எது என்று மூன்று கேள்விகளைத் திருப்பி அனுப்புங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.